கேசட்டில் மட்டும் இருக்கும் ஒரு பாட்டு: வரியா, முணுமுணுப்பா, ஒலிரேகையா, ஆட்களா?

வேலூர்_மீனா | 2 மார்ச் 2025, இரவு 9:12

அப்பா பதிவு செய்த கேசட் ஒன்று இருக்கிறது. 1987 அல்லது 88 ஆக இருக்கும். தூர்தர்ஷனில் ஒலியும் ஒளியும் ஓடும்போது டிவி முன்னால் ஸ்டூல் போட்டு டேப் ரெக்கார்டரை வைத்து எடுத்தது. ஏ பக்கத்தில் ஆறு பாட்டு. ஐந்து எல்லாருக்கும் தெரிந்தவை. நான்காவது மட்டும் என்னவென்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. பாட்டு தேடும் செயலியில் கேட்க வைத்தேன், ஒன்றும் வரவில்லை. முணுமுணுத்துத் தேடினேன், ஒவ்வொரு முறையும் வேறு வேறு பாட்டு வருகிறது. வரியைப் போட்டுத் தேடினேன். "கோரப் பாயில் நிலவு" என்று எனக்குக் காதில் விழுகிறது. அப்படி ஒரு வரி எங்கும் இல்லை. இதில் எந்த வழியை விடாமல் பிடிக்க வேண்டும், எதை விட்டுவிடலாம்? கேசட்டை லேப்டாப்பில் ஏற்றிவிட்டேன், ஃபைல் கையில் இருக்கிறது.

சுருதிப்பெட்டி | 2 மார்ச் 2025, இரவு 10:40

நான்கு வழியும் நான்கு வேறு கேள்விக்குப் பதில் சொல்பவை, அதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். செயலி செய்வது ஒலிரேகை ஒப்பிடுவது. "இதே ஒலிப்பதிவு என்னிடம் இருக்கிறதா" என்று மட்டும்தான் அது பார்க்கும். அதே பாடகர் அதே பாட்டை மேடையில் பாடினால்கூட அதற்கு அது வேறு பாட்டு. முணுமுணுப்புத் தேடல் மெட்டைப் பார்க்கும், யார் பாடினால் என்ன, எந்தச் சுருதியில் பாடினால் என்ன. வரித் தளம் யாரோ ஒருவர் காதால் கேட்டுத் தட்டச்சு செய்ததைப் பார்க்கும். ஆட்களிடம் கேட்பது, இந்த மூன்றிலும் ஏறாத பாட்டுக்கு.

உங்களிடம் அசல் ஒலிப்பதிவே இருப்பதால் ஒலிரேகைதான் முதல் வழி. அது ஏன் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிக்காமல் மற்றதற்குப் போகாதீர்கள். ஒரு சோதனை செய்யுங்கள்: அதே பக்கத்தில் உள்ள தெரிந்த ஐந்து பாட்டையும் அதே செயலிக்குக் கேட்க வையுங்கள். எத்தனை பிடிக்கிறது என்று எண்ணிக்கையைச் சொல்லுங்கள்.

நியூட்ரான்23 | 3 மார்ச் 2025, காலை 7:05

அக்கா, இது சிம்பிள். கேசட் இரைச்சல்தான் காரணம். ஆடாசிட்டியில் Noise Reduction போட்டு சுத்தம் செய்துவிட்டு மறுபடி கொடுங்கள், உடனே வரும். நான் பாட்டியின் பழைய ஆடியோவை அப்படித்தான் தெளிவாக்கினேன்.

சுருதிப்பெட்டி | 3 மார்ச் 2025, காலை 8:20

தம்பி, மனிதக் காதுக்காக என்றால் நீங்கள் சொல்வது சரி. செயலிக்குக் கொடுக்கும் முன் மட்டும் அதைச் செய்யக் கூடாது. ஷசாம் செயலியின் முறையை ஏவரி வாங் 2003இல் கட்டுரையாகவே எழுதிவிட்டார், ரகசியம் ஒன்றும் இல்லை. ஒலியின் படத்தில் மற்றதைவிட உரக்கத் தெரியும் புள்ளிகளை மட்டும் எடுத்துக்கொள்கிறது. இரண்டு இரண்டு புள்ளியாகச் சேர்த்து, ஒவ்வொன்றின் அதிர்வெண்ணையும் இடையில் எவ்வளவு நேரம் என்பதையும் குறித்துவைக்கிறது. டீக்கடையில் பத்துப் பேர் பேசிக்கொண்டிருந்தாலும் பாட்டின் உச்சப் புள்ளிகளில் சிலவாவது தலைதூக்கி நிற்கும். அது போதும். அதனால்தான் பேருந்தில் ஓடும் பாட்டைக்கூட அது பிடிக்கிறது.

இரைச்சல் நீக்கும்போது அந்தப் புள்ளிகளையும் சேர்த்து அரித்துவிடுகிறோம். தண்ணீருக்குள் இருந்து வருவதுபோல ஒரு குளுகுளு சத்தம் கேட்குமே, அது இல்லாத புள்ளிகளைப் புதிதாக உண்டாக்கியதன் அடையாளம். நாடா இரைச்சலை அப்படியே விட்டுவிடுங்கள்.

கோயம்பேடு_குமார் | 3 மார்ச் 2025, மதியம் 1:15

நானும் இதே பிரச்சினைதான். 1994இல் நடந்த அண்ணன் கல்யாண வீடியோவில் தாலி கட்டியதும் நாதஸ்வரத்தில் ஒரு சினிமா பாட்டு வாசிக்கிறார்கள். செயலிக்குக் காட்டினால் ஒன்றும் இல்லை. நாதஸ்வரப் பாட்டுக்குத் தனியாக ஏதாவது தளம் இருக்கிறதா?

சுருதிப்பெட்டி | 3 மார்ச் 2025, மாலை 6:50

குமார் அண்ணா, உங்களுடையது மீனா அக்காவின் பிரச்சினை இல்லை, அதற்கு நேர் எதிர். அந்த மண்டபத்தில் அன்று அவர் வாசித்தது வேறு எங்கும் பதிவாகவில்லை. ஒலிரேகை ஒருநாளும் கண்டுபிடிக்காது. முணுமுணுப்புத் தேடல் இதற்கென்றே வந்ததுதான். கூகுள் இதை 2020 அக்டோபரில் கொண்டுவந்தது, சவுண்ட்ஹவுண்டும் செய்கிறது. வாத்தியம், குரல் எல்லாவற்றையும் கழித்துவிட்டு ஏற்ற இறக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒப்பிடுகிறது.

வீடியோவை நேராகப் போட்டுக் காட்டாதீர்கள், தவில் குறுக்கே வரும். நாதஸ்வரத்தில் இழைத்து இழைத்து வாசிப்பார்கள், கமகத்தில் மெட்டின் எலும்பே தெரியாமல் போய்விடும். நீங்களே பத்து முறை கேட்டு, அலங்காரத்தை எல்லாம் உதறிவிட்டு, "ல ல லா" என்று சுவரம் சுவரமாக, 10 முதல் 15 வினாடி பாடுங்கள். பல்லவியின் இரண்டு வரி போதும். நடுவில் மூச்சு வாங்க நின்றால் முதலிலிருந்து ஆரம்பியுங்கள்.

கோயம்பேடு_குமார் | 3 மார்ச் 2025, இரவு 11:30

வந்துவிட்டது! மூன்றாவது முறை பாடியதில் பட்டியலில் இரண்டாவதாக வந்தது. முதல் இரண்டு முறையும் வீட்டம்மாவைப் பாடச் சொன்னேன், அவர் நன்றாகப் பாடுவார், கமகத்தோடு. வரவில்லை. நான் தட்டையாகப் பாடியதும் வந்தது.

வேலூர்_மீனா | 4 மார்ச் 2025, காலை 6:45

ஐந்து தெரிந்த பாட்டில் ஒன்றைக்கூடச் செயலி பிடிக்கவில்லை. பூஜ்யம். அதில் இரண்டு பாட்டு இன்றைக்கும் தினமும் எஃப்எம்மில் ஓடுபவை.

சுருதிப்பெட்டி | 4 மார்ச் 2025, காலை 7:30

இதுதான் நான் எதிர்பார்த்தது. ஊருக்கே தெரிந்த பாட்டைப் பிடிக்கவில்லை என்றால் நான்காவது பாட்டின் மேல் குற்றம் இல்லை. உங்கள் பதிவின் வேகம் தவறாக இருக்கிறது. ஐந்தில் நான்கைப் பிடித்து இதை மட்டும் விட்டிருந்தால், இந்தப் பாட்டு அவர்கள் சேமிப்பில் இல்லை என்று நேராக ஆட்களிடம் போகச் சொல்லியிருப்பேன்.

வேகம் மாறினால் ஒலிரேகை ஏன் கெடுகிறது என்பது மேலே சொன்னதிலேயே இருக்கிறது. டேப் வேகமாக ஓடினால் சுருதி ஏறுகிறது, புள்ளிகளுக்கு நடுவே உள்ள நேரமும் சுருங்குகிறது. குறித்துவைத்த இரண்டுமே மாறிப்போகும். மனிதக் காது ஒரு சுருதி ஏறினாலும் பாட்டை அடையாளம் கண்டுகொள்ளும், இதனால் முடியாது. ஒரு சதவீதம்வரை பொறுத்துக்கொள்வதை என் கேசட்டுகளில் பார்த்திருக்கிறேன். ஐந்து ஆறு என்று போனால் வாய் திறக்காது.

அளப்பது எளிது. தெரிந்த பாட்டு ஒன்றின் மொத்த நீளத்தை உங்கள் ஃபைலில் பாருங்கள், அசல் இசைத்தட்டில் எவ்வளவு என்று பாருங்கள், வகுத்துவிடுங்கள்.

வேலூர்_மீனா | 4 மார்ச் 2025, இரவு 8:10

முதல் பாட்டு கேசட்டில் 3 நிமிடம் 20 வினாடி. இணையத்தில் 4 நிமிடம் 31 வினாடி. வகுத்தால் 1.355 வருகிறது. டேப் 35 சதவீதம் வேகமாகவா ஓடியது? அப்படி என்றால் அணில் பேசுவதுபோல அல்லவா கேட்க வேண்டும்?

சுருதிப்பெட்டி | 4 மார்ச் 2025, இரவு 8:55

நான் சொன்ன வழி தப்பு. மொத்த நீளத்தை ஒப்பிடவே கூடாது. படத்தில் வரும் பாட்டும் இசைத்தட்டில் வரும் பாட்டும் ஒரே நீளம் இருப்பதில்லை. படத்துக்காக ஒரு சரணத்தையே வெட்டியிருப்பார்கள், இடையிசையைச் சுருக்கியிருப்பார்கள், டிவியில் இன்னும் கொஞ்சம் கத்தரித்திருப்பார்கள்.

வெட்டு விழாத ஒரு துண்டை எடுங்கள். பல்லவியில் முதல் சொல் தொடங்கும் இடத்திலிருந்து, பல்லவி முடிந்து இடையிசையின் முதல் அடி விழும் இடம்வரை. இரண்டு ஃபைலையும் ஆடாசிட்டியில் மேலும் கீழுமாகத் திறந்து, அலையில் அந்த இரண்டு இடத்தையும் குறித்து, நடுவே எத்தனை வினாடி என்று பாருங்கள். இரண்டு மூன்று பாட்டில் செய்யுங்கள். எல்லாவற்றிலும் ஒரே விகிதம் வந்தால் நம்பலாம். ஒன்றில் மட்டும் மாறினால் அங்கே வெட்டு இருக்கிறது.

வேலூர்_மீனா | 5 மார்ச் 2025, இரவு 10:05

மூன்று பாட்டில் அளந்தேன். முதல் பாட்டில் இசைத்தட்டில் 60.0 வினாடி ஓடும் துண்டு கேசட்டில் 56.5. மற்ற இரண்டிலும் வகுத்துப் பார்த்தால் 1.06க்குப் பக்கத்தில்தான் வருகிறது. அப்படியானால் ஆறு சதவீதத்துக்குச் சற்று மேல்.

சுருதிப்பெட்டி | 5 மார்ச் 2025, இரவு 10:30

60ஐ 56.5ஆல் வகுத்தால் 1.062. ஏறத்தாழ முழு ஒரு அரைச்சுரம் மேலே போய்விட்டது. அப்பாவின் டேப் ரெக்கார்டர் பதிவு செய்யும்போது ஆறு சதவீதம் மெதுவாக ஓடியிருக்கிறது, பாட்டரி தீரும் நிலையில் இருந்திருக்கும். மெதுவாக எழுதியதை இப்போது சரியான வேகத்தில் ஓட்டினால் வேகமாகக் கேட்கும். ஃபைல் முழுவதையும் 5.8 சதவீதம் மெதுவாக்குங்கள், போதும்.

ரீல்காரர் | 6 மார்ச் 2025, காலை 5:50

பாட்டரி கதை ஒத்துவரவில்லை. தீர்ந்துகொண்டே போகும் பாட்டரி என்றால் முதல் பாட்டில் ஒரு வேகம், கடைசிப் பாட்டில் இன்னொரு வேகம் இருக்கும். அவங்க மூன்று பாட்டிலும் ஒரே கணக்கு என்கிறார்கள். நான் 22 வருஷம் தியேட்டரில் புரொஜெக்டர் ஓட்டியவன். படம் தியேட்டரில் வினாடிக்கு 24 பிரேம். நம்ம டிவி வினாடிக்கு 25. டிவிக்காரர்கள் படத்தை 25இல் ஓட்டித்தான் ஒளிபரப்புவார்கள். படம் 4 சதவீதம் சீக்கிரம் முடியும், பாட்டின் சுருதியும் கூடவே ஏறும். தியேட்டரில் வாரக்கணக்கில் கேட்ட பாட்டு டிவியில் வந்தால் எனக்குச் சட்டென்று தெரியும், கொஞ்சம் கீச்சென்று இருக்கும். வீட்டில் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

சுருதிப்பெட்டி | 6 மார்ச் 2025, காலை 9:15

ரீல்காரர் ஐயா சொல்வதே சரி, என் பாட்டரி விளக்கத்தை எடுத்துவிடுகிறேன். இத்தனை வருஷம் கேசட்டோடு கிடந்தும் எனக்கு இது தோன்றவில்லை. நான் பெரும்பாலும் வானொலிப் பதிவுகளோடுதான் வேலை செய்திருக்கிறேன், வானொலியில் இசைத்தட்டைச் சரியான வேகத்தில் போடுவார்கள்.

கணக்கு இப்போது அழகாக உட்காருகிறது. 25ஐ 24ஆல் வகுத்தால் 1.0417. மொத்தம் 1.062. மீதி 1.02, அதாவது இரண்டு சதவீதம் மட்டும்தான் டேப் ரெக்கார்டரின் பங்கு. வீட்டு ரெக்கார்டரில் இரண்டு சதவீதம் என்பது மிகச் சாதாரணம்.

மாற்ற வேண்டிய அளவு மட்டும் மாறவில்லை, மொத்தம் அதே 5.8தான். ஆடாசிட்டியில் Change Speed and Pitch விளைவில் மைனஸ் 5.8 என்று போடுங்கள். Change Tempo போடாதீர்கள், அது சுருதியை விட்டுவிட்டு நேரத்தை மட்டும் நீட்டும். கட்டளை வரியில் செய்பவர்களுக்கு, 44100 ஹெர்ட்ஸ் ஃபைலாக இருந்தால்:

```
ffmpeg -i a.wav -af "asetrate=41542,aresample=44100" b.wav
```

செய்ததும் நான்காவது பாட்டுக்குப் பாயாதீர்கள். தெரிந்த ஐந்தையும் முதலில் கொடுத்துப் பாருங்கள்.

வேலூர்_மீனா | 6 மார்ச் 2025, இரவு 9:40

ஐந்தில் நான்கு வந்துவிட்டது!! ஒவ்வொன்றும் ஐந்தாறு வினாடியில். வராத ஒன்றில் பாட்டு முழுக்க அம்மாவும் பெரியம்மாவும் பேசிக்கொண்டிருக்கிறார்கள், அதற்கு நடுவே குக்கர் விசில்.

நான்காவது பாட்டு மட்டும் இன்னும் இல்லை. பல்லவியில் மூன்று முறை, சரணத்தில் இரண்டு முறை கொடுத்தேன்.

நியூட்ரான்23 | 6 மார்ச் 2025, இரவு 10:02

அப்போ முணுமுணுப்பு ஒன்றுதான் வழி. ஒலிரேகை தோற்றுவிட்டது.

சுருதிப்பெட்டி | 6 மார்ச் 2025, இரவு 10:25

பல்லவி, சரணம் கொடுத்தாகிவிட்டது. இடையிசையைக் கொடுத்தீர்களா? குரலே இல்லாத இடம். முதல் இடையிசை, இரண்டாவது இடையிசை, முன்னிசை, மூன்றையும் தனித்தனியாக.

காரணம் இருக்கிறது. ஆனால் இப்போது சொன்னால் நீங்கள் அதை எதிர்பார்த்துக் கேட்பீர்கள், முடிவு வந்ததும் சொல்கிறேன்.

வேலூர்_மீனா | 7 மார்ச் 2025, காலை 6:20

முதல் இடையிசையில் ஒரு தெலுங்குப் பாட்டு வருகிறது! தப்பாக வந்திருக்கும் என்று இரண்டாவது இடையிசையையும் கொடுத்தேன். அதே தெலுங்குப் பாட்டு. ஆனால் எங்கள் கேசட்டில் தமிழில்தானே பாடுகிறார்கள்?

சுருதிப்பெட்டி | 7 மார்ச் 2025, காலை 7:45

அந்தத் தெலுங்குப் பெயரை இங்கே எழுதாதீர்கள், தயவுசெய்து. பெயரைப் படித்துவிட்டுக் கேட்டால் எல்லாருக்கும் அதுவாகவே கேட்கும். கிளிப்பை மட்டும் போடுங்கள், இன்னும் இரண்டு பேர் தாங்களாகவே அதே இடத்துக்கு வரட்டும். எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.

நான் சந்தேகப்பட்டது இதைத்தான். மொழிமாற்றுப் படம் என்றால் வாத்தியம் எல்லாம் பழைய தடமே, மேலே குரல் மட்டும் புதிது. இடையிசையில் இரண்டு மொழிப் பதிவும் ஒன்றே, அதனால் ஒலிரேகை பொருந்துகிறது. பாடும் இடத்தில் குரல்தான் எல்லாவற்றையும்விட உரக்க நிற்கும், உச்சப் புள்ளிகளில் பெரும்பங்கு அதனுடையது, அதனால் அங்கே பொருந்தவில்லை. எந்தத் துண்டில் பிடிக்கிறது, எந்தத் துண்டில் பிடிக்கவில்லை என்பதே ஒரு தடயம்.

தப்பாக வந்த பொருத்தமா என்று பார்க்க: அந்தத் தெலுங்குப் பாட்டையும் உங்கள் ஃபைலையும் மேலும் கீழுமாக வைத்து முதல் இடையிசையை நேராக்குங்கள். முதல் சரணம் முடிந்து இரண்டாவது இடையிசை தொடங்கும் இடம் தானாகவே நேராக வந்து விழுந்தால் அதே தடம். சில வினாடி தள்ளி விழுந்தால் படத்துக்காக வெட்டியது. வாத்தியமே வேறாகக் கேட்டால் மெட்டு மட்டும் ஒன்று.

வேலூர்_மீனா | 7 மார்ச் 2025, இரவு 8:30

நேராக விழுகிறது. கிளிப்பை இணைத்திருக்கிறேன், 40 வினாடி, வேகம் சரி செய்தது. பெயர் போடவில்லை.

சுருதிப்பெட்டி | 8 மார்ச் 2025, காலை 8:10

கேட்டேன். தலையணையில் இயர்போனோடு படுத்து இருபது முறையாவது கேட்டிருப்பேன். நீங்கள் "கோரப் பாயில் நிலவு" என்று எழுதியது எனக்கு இப்போது "கூரை வாயில் நிலவு" என்று கேட்கிறது. சரியான வேகத்தில் உயிரெழுத்துகள் தங்கள் இடத்துக்கு வந்துவிட்டன. அம்மாவிடம் எந்த வரி என்று சொல்லாமல் போட்டுக் காட்டுங்கள், அவர் என்ன கேட்கிறார் பார்ப்போம்.

வரித் தளத்தில் ஏன் கிடைக்கவில்லை என்பதற்கு இப்போது இரண்டு காரணம். ஒன்று, நாம் தேடிய சொல்லே தப்பு. இரண்டு, மொழிமாற்றுப் பாடல்களை யாரும் உட்கார்ந்து தட்டச்சு செய்வதில்லை. "கூரை வாயில்" என்ற சொற்சேர்க்கையே கொஞ்சம் விநோதமாக இல்லையா? மொழிமாற்றில் பாட்டெழுதுபவர் திரையில் உதடு மூடும் இடத்தில் ப, ம மாதிரி எழுத்து வைத்தாக வேண்டும், வாய் விரியும் இடத்தில் நெடில் வைத்தாக வேண்டும். பொருள் அதற்கு அப்புறம்தான். வரி கேட்டால் தமிழாக இருக்கிறது, ஆனால் யாரும் அப்படிப் பேசமாட்டார்கள் என்று தோன்றினால் மொழிமாற்றா என்று சந்தேகப்படலாம்.

சுருதிப்பெட்டி | 8 மார்ச் 2025, காலை 8:50

வரித் தளங்களைக் குறைத்துச் சொல்லிவிட்டேனோ என்று தோன்றுகிறது. நேரடித் தமிழ்ப் படத்துக்கு, வரி தெளிவாகக் கேட்டால், அதைவிடச் சீக்கிரமான வழி இல்லை. தேடும் விதம்தான் முக்கியம். மனதில் நிற்பது பெரும்பாலும் சரணத்தின் நடுவரி, தளங்கள் தலைப்பில் வைத்திருப்பது பல்லவியின் முதல் வரி. அதோடு பல பாட்டு தொகையறாவில் தொடங்கும், நமக்கு நினைவில் இருப்பது அந்தத் தொகையறா, பட்டியலில் அதன் பெயரே இருக்காது. அதனால் தளத்தின் உள்தேடலில் தேடாமல், கூகுளில் நான்கு சொல்லை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேட வேண்டும். தமிழ் எழுத்தில் ஒருமுறை, ஆங்கில எழுத்தில் ஒருமுறை. ஆங்கில எழுத்தில் என்றால் "azhagu" ஒன்று, "alagu" ஒன்று, "nilavu" ஒன்று, "nilavoo" ஒன்று. ழ, ற, நெடில் வராத சொல்லாகப் பார்த்து எடுத்தால் பாதி தொல்லை போகும்.

நியூட்ரான்23 | 8 மார்ச் 2025, மாலை 4:35

நானும் பெயர் பார்க்காமல் கிளிப்பின் இடையிசையைக் கொடுத்துப் பார்த்தேன். தெலுங்கு. சுருதி அண்ணாவுக்குத் தனிச்செய்தியில் அனுப்பிவிட்டேன். ஆனால் ஒரு சந்தேகம். தெலுங்குதான் அசல் என்று எப்படித் தெரியும்? தமிழ் அசலாக இருந்து தெலுங்கில் மாற்றியிருக்கலாமே? செயலியில் இல்லை என்பதால் இல்லை என்று ஆகிவிடாது.

சுருதிப்பெட்டி | 8 மார்ச் 2025, இரவு 7:20

நியாயமான கேள்வி. பெயர் ஒத்துப்போகிறது, அதனால் பாட்டு உறுதி. எது முதல் என்பது உறுதி இல்லை. வரியின் விநோதத்தை வைத்து நான் தெலுங்கு அசல் என்கிறேன், அது என் காது சொல்வது மட்டும். இங்கேதான் இயந்திரம் முடிந்து ஆட்கள் தொடங்குகிறார்கள். பாட்டுப்புத்தகம் ஐயா எங்கே?

பாட்டுப்புத்தகம் | 9 மார்ச் 2025, காலை 10:15

இருக்கிறேன். கிளிப் கேட்டேன். மீனா அம்மா, இரண்டு விஷயம் வேண்டும். பாட்டுக்கு முன்னால் அறிவிப்பாளர் ஏதாவது சொல்கிறாரா, அல்லது திரையில் வந்த படப் பெயரை வீட்டில் யாராவது படித்திருக்கிறார்களா? அப்புறம் மற்ற ஐந்து பாட்டின் படங்கள் எந்த வருஷம்? புதுப்படப் பாட்டு நிறைய போடுவார்கள், ஐந்தில் கடைசியாக வந்த படத்தை வைத்து இதையும் ஒரு வருஷத்துக்குள் அடைக்கலாம். என்னிடம் தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்கள் இரண்டு டிரங்குப் பெட்டி இருக்கின்றன, வருஷ வாரியாகக் கட்டிவைத்தவை. வருஷம் தெரியாமல் பிரித்தால் ஒரு மாதம் ஆகும்.

வேலூர்_மீனா | 9 மார்ச் 2025, இரவு 9:50

மற்ற ஐந்தில் கடைசியாக வந்தது 1988. அறிவிப்பு எதுவும் கேட்கவில்லை. ஆனால் மூன்றாவது பாட்டு முடிந்து நான்காவது தொடங்கும் இடத்தில் அப்பா ஏதோ சொல்கிறார், வேகம் மாற்றிய ஃபைலில் புரியவில்லை, குரல் கட்டையாகக் குழைந்து போகிறது. மாற்றாத ஃபைலில் கொஞ்சம் கீச்சென்று இருக்கிறது.

அம்மாவிடம் வரியைப் போட்டுக் காட்டினேன். அவர் "கூரை வாசல் நிலவு" என்கிறார். இப்போது மூன்று பேர் மூன்று விதமாகக் கேட்கிறோம்.

சுருதிப்பெட்டி | 9 மார்ச் 2025, இரவு 10:15

அப்பாவின் குரல் டிவிக்குள் இருந்து வரவில்லை! அவர் அறையில் பேசுகிறார். டிவி ஏற்றிய 4 சதவீதம் அவருக்குக் கிடையாது, ரெக்கார்டரின் 2 மட்டும்தான். பாட்டுக்காக 5.8 குறைத்த ஃபைலில் அவர் குரல் தேவைக்கு மேல் இறங்கிவிட்டது. மூல ஃபைலை எடுத்து 2 சதவீதம் மட்டும் குறைத்து அந்த இடத்தைக் கேளுங்கள். ரீல்காரர் சொன்ன 24, 25 கணக்கு சரிதானா என்பதற்கும் இதுவே சோதனை.

ரீல்காரர் | 10 மார்ச் 2025, காலை 5:40

அதையும் நானே சொல்லியிருக்க வேண்டும். அந்தக் குக்கர் விசிலுக்கும் 2தான்.

சுருதிப்பெட்டி | 10 மார்ச் 2025, மதியம் 12:30

காத்திருக்கும்போது ஒன்று. ஆட்களிடம் போவது கடைசி வழி என்று முதல் பதிவில் எழுதிவிட்டேன், அது முழுதும் சரியில்லை. சில பாட்டுக்கு அது ஒன்றே வழி. ஜெர்மனியில் 1984 வாக்கில் என்டிஆர் வானொலியிலிருந்து ஒருவர் கேசட்டில் எடுத்த பாட்டு ஒன்று, 2007இல் இணையத்தில் போட்டுக் கேட்கத் தொடங்கினார்கள். இசைத்தட்டாகவே வராத பாட்டு, எந்த ஒலிரேகையிலும் இருக்காது. 2024 நவம்பரில்தான் தெரிந்தது, ஃபெக்ஸ் என்ற குழு. ஒருவர் பழைய செய்தித்தாள்களில் அக்காலச் சிறு குழுக்களைத் தேடிப் படித்து, அவர்களில் ஒருவரைத் தொடர்புகொண்டு கேட்டதில் வந்தது. பாட்டுப்புத்தகம் ஐயா "வருஷம் சொல்லு" என்று கேட்டதும் அதே வேலைதான்.

நாம் தெரிந்த பாட்டுகளைக் கொடுத்துப் பார்க்காமல், வேகத்தைத் திருத்தாமல் அவரிடம் போயிருந்தால் கீச்சுக் குரலில் ஒரு கிளிப்பும் "கோரப் பாயில்" என்ற தப்பு வரியும்தான் கொடுத்திருப்போம். அவர் டிரங்கு முழுவதும் "கோரை" தேடியிருப்பார்.

வேலூர்_மீனா | 10 மார்ச் 2025, இரவு 9:05

2 சதவீதத்தில் கேட்டேன். அப்பா சொல்வது: "இது அந்த டப்பிங் படம்ல, லட்சுமில பார்த்தோமே." அம்மா பக்கத்தில் இருந்தார். லட்சுமி என்பது தியேட்டர். எந்தப் படம் என்று அம்மாவுக்கு நினைவில்லை, இடைவேளையில் மழை பிடித்துக்கொண்டது மட்டும் நினைவிருக்கிறதாம்.

அந்த ஏழு வினாடியைத் தனி ஃபைலாக எடுத்து வைத்துவிட்டேன், 2 சதவீதத்தில்.

நியூட்ரான்23 | 10 மார்ச் 2025, இரவு 9:20

டப்பிங் என்று அவரே சொல்லிவிட்டாரா! என் சந்தேகத்தை வாபஸ் வாங்குகிறேன்.

பாட்டுப்புத்தகம் | 13 மார்ச் 2025, மாலை 5:25

1988 கட்டைப் பிரித்தேன், இல்லை. 1987 கட்டில் மொழிமாற்றுப் படப் புத்தகங்கள் ஒன்பது. ஆறாவதில் இருக்கிறது. அட்டை போய்விட்டது, நாலு பக்கத் தாள் மட்டும். பல்லவியில் "கூரை வாசல் நிலவு" என்றே அச்சாகியிருக்கிறது, மீனா அம்மாவின் அம்மா கேட்டதுதான் சரி. பாடலாசிரியர் பெயர் உள்ள மூலை கரையான் தின்றது. படப் பெயரைச் சுருதிப்பெட்டிக்கு மட்டும் அனுப்பியிருக்கிறேன், தெலுங்குப் பெயரோடு ஒத்துப்போகிறதா என்று அவர் பார்க்கட்டும்.

சுருதிப்பெட்டி | 13 மார்ச் 2025, இரவு 8:00

ஒத்துப்போகிறது. மீனா அக்கா, தனிச்செய்தியைப் பாருங்கள். தமிழில் யார் பாடியது என்பது புத்தகத்திலும் இல்லை, எனக்கும் குரல் பிடிபடவில்லை. 40 வினாடி கிளிப் அப்படியே மேலே இருக்கட்டும், குரல் தெரிந்தவர்கள் கேட்டுச் சொல்லுங்கள்.

கோயம்பேடு_குமார் | 13 மார்ச் 2025, இரவு 10:45

சரணத்தைக் கேட்டுப் பாருங்கள், மூச்சு வாங்கும் இடம் எனக்குத் தெரிந்த ஒருவர் மாதிரி இருக்கிறது. பெயரை நானும் தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.